குன்னூரில் பழைய அடுக்ககத்தைப் புதுப்பிக்கச் சதுர அடிக்கு எவ்வளவு? அறைவாரியாகக் கணக்கிடுவது எப்படி?

திருப்பூர்_கிழக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் 1990களில் கட்டப்பட்ட அடுக்ககத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. தரை முழுவதும் பழைய மொசைக். இரண்டு குளியலறைகள், பெரியதன் மேற்கூரையில் பழுப்புக் கறை படர்ந்திருக்கிறது. வடக்குப் பக்கப் படுக்கையறையில் சன்னலுக்குக் கீழே சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறது. பத்திரத்தில் 850 சதுர அடி என்று இருக்கிறது.

உள்ளூர் ஒப்பந்தக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "நடுத்தரமாகச் செய்தால் சதுர அடிக்கு 1,200 ரூபாய் ஆகும்" என்றார். கோயம்புத்தூரில் இருக்கும் என் மைத்துனர் 700 ரூபாய்க்கு மேல் கொடுக்கவே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி? சாதாரணம், நடுத்தரம், உயர்தரம் என்று பிரிக்கிறார்களே, அந்தப் பிரிவு ஒவ்வோர் அறைக்கும் எப்படிப் பொருந்தும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

லவ்டேல்_வீடு எழுதியது:

உங்கள் மைத்துனர் சொல்வது சமவெளிக் கணக்கு. மலைக்கு ஒரே சூத்திரம்தான்: கோயம்புத்தூர் விலையோடு 25 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் வண்டி வாடகை ஏறும். வேலையாட்களுக்குத் தங்க இடமும் கொடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 700 என்பது இங்கே 875 ஆகும். 1,200 அதிகம்தான். பேரம் பேசுங்கள்.

---

வளைவுப்பாதை எழுதியது:

நான் கொடைக்கானலில் இருக்கிறேன். எங்களுடையது தாத்தா காலத்துத் தனி வீடு. பலகைத் தரையும் தகரக் கூரையும் இருந்தன. கூரையை மாற்றுவதற்கு மட்டுமே எங்களுக்கு மூன்றரை லட்சம் ஆயிற்று. வத்தலக்குண்டிலிருந்து இரும்புச் சட்டம் ஏற்றி வந்த வாடகையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நீங்கள் முதலில் கூரையைப் பாருங்கள். கூரை சரியில்லாமல் உள்ளே எத்தனை ரூபாய் போட்டாலும் வீண்.

---

திருப்பூர்_கிழக்கு எழுதியது:

நன்றி ஐயா. ஆனால் எங்களுக்கு மேலே இன்னொரு வீடு இருக்கிறது. கூரை எங்கள் பொறுப்பில் இல்லை. உள்வேலைக்கான கணக்குதான் வேண்டும்.

---

மட்டப்பலகை எழுதியது:

குன்னூர், கோத்தகிரி, வெலிங்டன் பகுதிகளில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில்தான் இருக்கிறேன். பதில் சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1,200 சரியா தவறா என்று சொல்வதற்கு முன்னால், எந்தப் பரப்பின்மேல் 1,200 என்று அவரிடம் கேட்டீர்களா? பத்திரத்தில் உள்ள 850 சதுர அடியில் படிக்கட்டு, பொது நடை, சுவர்க் கனம் எல்லாம் அடங்கியிருக்கும். அந்தக் காலத்து இரண்டு படுக்கையறை வீட்டில், சுவருக்குச் சுவர் டேப் பிடித்து அளந்தால் 620 சதுர அடிக்குப் பக்கமாகத்தான் வரும். 1,200 ரூபாயை 850-ஆல் பெருக்கினால் 10,20,000. 620-ஆல் பெருக்கினால் 7,44,000. இரண்டுக்கும் நடுவே 2,76,000 ரூபாய் வித்தியாசம். இதை எழுத்தில் வாங்காமல் ஒருவரின் விலையை இன்னொருவரின் விலையோடு ஒப்பிடவே முடியாது.

அடுத்து, தரைப் பரப்புக்கும் வேலையின் அளவுக்கும் உள்ள உறவு அறைக்கு அறை மாறும். உங்கள் பெரிய குளியலறை ஏழுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். தரை 35 சதுர அடிதான். ஆனால் சுற்றளவு 24 அடி; ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால், கதவைக் கழித்த பிறகும் சுவர் மட்டும் 150 சதுர அடி. ஆக 35 சதுர அடி அறைக்கு 185 சதுர அடி டைல்ஸ் வேலை. வெட்டிலும் உடைப்பிலும் போவதைச் சேர்த்து 205 சதுர அடி வாங்க வேண்டும். அதே வீட்டில் 12-க்கு 10 படுக்கையறையில் 120 சதுர அடி தரைக்கு 120 சதுர அடி டைல்ஸ் வேலைதான். இரண்டையும் ஒரே சதுர அடி விலையில் அடக்கினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

குளியலறையை நடுத்தரமாகச் செய்வதாக வைத்து, நான் இப்போது குன்னூரில் கொடுத்துவரும் விலைகளில் ஒரு கணக்குப் போடுகிறேன். பழைய டைல்ஸை உடைத்து, பள்ளமாக இறக்கிக் கட்டிய தளத்தில் உள்ள செங்கல் சல்லி நிரப்பை அள்ளுவதற்கு 7,500. அந்தக் கழிவை வெளியேற்ற 5,000. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் புதிதாகப் போட 24,000. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு 10,000. பள்ளத்தைத் திரும்ப நிரப்பிச் சமன் செய்ய 6,000. சுவரில் பூச்சு வேலை 6,000. இதுவரை 58,500 ரூபாய் ஆகிவிட்டது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பொருள் ஒன்றுகூட இன்னும் அறைக்குள் வரவில்லை.

இதன்மேல் சதுர அடி 60 ரூபாய் டைல்ஸ், ஒட்டும் பசை, ஒட்டுக்கூலி சேர்த்து 25,600. கழிப்பீடம், கைகழுவும் தொட்டி, குழாய்கள், ஷவர் 38,000. கீசர், மின் பாயிண்ட், எக்ஸாஸ்ட் மின்விசிறி, நீர் படாத கதவு, மேற்கூரைப் பெயிண்ட் எல்லாம் 27,500. மொத்தம் 1,49,600. தரைப் பரப்பால் வகுத்தால் சதுர அடிக்கு 4,270 ரூபாய்.

இப்போது தரத்தை மாற்றிப் பாருங்கள். சாதாரணமாகச் செய்தால் டைல்ஸ் 40 ரூபாய்க்கும் பொருத்துபொருட்கள் 20,000-க்கும் இறங்கும். மொத்தம் 1,27,500, அதாவது சதுர அடிக்கு 3,640. உயர்தரமாக 120 ரூபாய் டைல்ஸும், சுவரில் தொங்கும் கழிப்பீடம் உள்ளிட்ட 85,000 ரூபாய்ப் பொருத்துபொருட்களும் எடுத்து, பெரிய டைல்ஸ் ஒட்டக் கூடுதல் கூலியும் கொடுத்தால் 6,050 வரை போகும். கீழிருந்து மேலே போனாலும் ஒன்றரை மடங்குக்குச் சற்றே அதிகம்தான். அந்த 58,500 மூன்று தரத்துக்கும் பொது என்பதுதான் காரணம். குளியலறையில் மலிவாகச் செய்கிறேன் என்று யாராவது மூன்றில் ஒரு பங்கு விலை சொன்னால், அந்த 58,500-க்குள் எதையோ விட்டுவிட்டார் என்று பொருள். பெரும்பாலும் விடுபடுவது பழைய நிரப்பை அள்ளுவதும் நீர்க்கசிவுத் தடுப்பும்.

படுக்கையறையில் கதை வேறு. மொசைக்கை அப்படியே விட்டுப் பாலிஷ் போட்டு, சுவரைச் சுரண்டி இரண்டு கோட் எமல்ஷன் அடித்து, மரச் சன்னலைப் பழுது பார்த்து, சில சுவிட்சுகளை மட்டும் மாற்றினால் 23,700 ரூபாயில் முடியும். சதுர அடிக்கு 200-க்குள். புது டைல்ஸ், முழுப் பட்டி வேலை, பத்து புது மின் பாயிண்ட், யு.பி.வி.சி. சன்னல் என்றால் 59,200. சதுர அடிக்கு 495. மரத் தரை, இரட்டைக் கண்ணாடிச் சன்னல், விலையுயர்ந்த பெயிண்ட் என்று போனால் 830. இங்கே கீழுக்கும் மேலுக்கும் நாலு மடங்கு. பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு இடம் இருப்பது ஈரமில்லாத அறைகளில்தான், குளியலறையில் அல்ல. ஆனால் எல்லோரும் பேரம் பேசுவது என்னவோ குளியலறைக்குத்தான்.

---

லவ்டேல்_வீடு எழுதியது:

அருமையான விளக்கம். ஆனால் நீங்கள் சொல்லும் விலையிலும் மலைக்கான கூடுதல் 25 சதவீதம் இருக்கத்தானே செய்கிறது? நான் சொன்னது தவறில்லையே.

---

மட்டப்பலகை எழுதியது:

மலையில் கூடுதல் உண்டு என்பது சரி. எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் என்பதுதான் சரியில்லை, ஐயா. குழாய், ஷவர், சுவிட்சு போன்றவற்றின் விலை குன்னூரிலும் கோயம்புத்தூரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பெட்டியில் அச்சிட்ட விலைக்குமேல் யாரும் வாங்க முடியாது. எடை கூடி விலை குறைந்த பொருட்களில்தான் வாடகை உறைக்கும். எம் சாண்ட், ஜல்லி, செங்கல் ஆகியவற்றில் பாதி விலை வண்டிக்கே போவதுண்டு. டைல்ஸ் இரண்டுக்கும் நடுவில்.

அதைவிடப் பெரிய செலவு, வண்டி நிற்கும் இடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே இருக்கிறது. பெட்ஃபோர்டு பக்கம் பல கட்டடங்கள் சாலைமட்டத்துக்குக் கீழே சரிவில் இருக்கின்றன. அப்படி இருந்தால் கழிவை மேலே சுமந்து ஏற்ற வேண்டும். மேலே சொன்ன ஒரு குளியலறையில் டைல்ஸும் காரையும் சேர்ந்து 23 கன அடி, பள்ள நிரப்பு 35 கன அடி. உடைத்துக் குவித்தால் உப்பி 80 கன அடியாகும். ஒரு சிமெண்டுச் சாக்கில் ஏறத்தாழ ஒரு கன அடி பிடிக்கும் என்பதால் 80 மூட்டை. மூட்டைக்கு 30 ரூபாய் சுமைகூலி என்றால் 2,400, மீதி டிப்பருக்கு. வாசலில் லாரி நிற்கும் வீட்டுக்கு இந்தச் செலவு பாதியாகிவிடும். இதை எந்தச் சதவீதத்துக்குள்ளும் அடைக்க முடியாது. போய்ப் படிகளை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

---

சுபா_கோத்தகிரி எழுதியது:

நானும் கோத்தகிரியில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகைக்கு விடும் வீட்டில் உயர்தரம், நடுத்தரம் என்றெல்லாம் பார்க்காமல், மொசைக்கைப் பாலிஷ் போட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தால் போதும் என்று இருந்தேன். குடிவந்தவர்கள் முதல் குளிர்காலத்திலேயே ஹீட்டர் போட்டு பிளக் கருகிப் போயிற்று. எனவே மின்வேலையை எந்தத் தரத்திலும் விடாதீர்கள் என்பது என் கருத்து. அதற்குச் சதுர அடிக்கு எவ்வளவு வைக்கலாம்?

---

மட்டப்பலகை எழுதியது:

அம்மா, மின்வேலையைச் சதுர அடியில் கணக்கிடவே வேண்டாம். பாயிண்ட் கணக்கில்தான் பேச வேண்டும். சுவரை வெட்டிக் குழாய் பதித்து, செம்புக் கம்பி இழுத்து, சுவிட்சோடு முடிக்க இப்போது ஒரு பாயிண்டுக்கு 1,300 வரை ஆகிறது. 2,000 வாட் ஹீட்டர் எட்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆறு ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. ஆகவே மலையில் ஒவ்வொரு படுக்கையறைக்கும் 16 ஆம்பியர் பிளக் ஒன்றுக்காவது போர்டிலிருந்து தனிக் கம்பி வேண்டும். சமவெளி ஒப்பந்தக்காரர்கள் ஏ.சி.க்கு மட்டும் அப்படிப் போட்டுப் பழகியவர்கள். கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள். பழைய வீட்டில் எர்த் கம்பி எல்லாப் பிளக்குக்கும் வந்திருக்கிறதா என்பதையும் திறந்து பார்த்துவிட்டே விலை சொல்லச் சொல்லுங்கள்.

---

திருப்பூர்_கிழக்கு எழுதியது:

மிக்க நன்றி. நேற்று டேப் எடுத்து அளந்தோம். கூடம் 16-க்கு 12, படுக்கையறைகள் 120 மற்றும் 110, சமையலறை ஒன்பதுக்கு எட்டு, குளியலறைகள் 35 மற்றும் 30, நடையும் பால்கனியும் 61. நீங்கள் சொன்னதுபோலவே 620 சதுர அடிதான் வருகிறது.

இரண்டு சந்தேகங்கள். சமையலறைக்கு எவ்வளவு வைப்பது? சன்னலுக்குக் கீழே பொரிந்திருக்கும் சுவருக்கு, பெயிண்ட் கடையில் ஓதம் தடுக்கும் பூச்சு ஒன்று இருக்கிறது, அதை அடித்தால் போதும் என்கிறார்களே, அது சரியா?

---

மட்டப்பலகை எழுதியது:

சமையலறையில் வேலை தனி, அலமாரி தனி என்று பிரித்துக்கொள்ளுங்கள். 72 சதுர அடிக்கு உடைப்பு, குழாய், மின்சாரம், தரை, கிரானைட் மேடை, தொட்டி, பெயிண்ட் எல்லாம் நடுத்தரமாக 78,500 வரும். சதுர அடிக்கு 1,090. அதன்மேல் 14 அடி நீள எல் வடிவ மேடைக்குக் கீழும் மேலும் மாடுலர் அலமாரி வைத்தால், முகப்புப் பரப்பு 53 சதுர அடி, சதுர அடிக்கு 1,600 வீதம் 85,000. ஆக சமையலறை 1,63,000-க்குச் சற்று மேல். சதுர அடி விலை ஒரேயடியாக 2,270-க்குத் தாவிவிடும். படுக்கையறைகளுக்கும் இதே கதைதான். ஏழுக்கு ஏழு அலமாரி ஒன்று 68,600 ஆகும். அது அந்த அறையின் மொத்த வேலையைவிட அதிகம். எனவே மரவேலை அடங்கிய சதுர அடி விலையையும் அடங்காததையும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். உங்கள் மைத்துனர் சொல்லும் 700-இல் மரவேலை இருக்க வாய்ப்பில்லை.

முழு வீட்டுக்கும் நடுத்தரத்தில் கூட்டினால்: கூடம் 83,000, படுக்கையறைகள் 59,000 மற்றும் 54,000, சமையலறை 1,63,000, குளியலறைகள் 1,50,000 மற்றும் 1,30,000, நடையும் பால்கனியும் 24,000. மொத்தம் 6,63,000. இதில் சமையலறையும் இரண்டு குளியலறைகளும் மட்டும் 4,43,000. வீட்டின் பரப்பில் அவை கால் பங்குகூட இல்லை. செலவில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு படுக்கையறை அலமாரிகளுக்கு 1,25,000, புது மின் போர்டுக்கும் முதன்மைக் கம்பிக்கும் 25,000 சேர்த்தால் 8,13,000. உடைத்த பிறகு வெளிப்படும் செலவுகளுக்குப் பத்து சதவீதம் வைத்தால் 8,94,000. இதை 620-ஆல் வகுத்தால் 1,440. 850-ஆல் வகுத்தால் 1,050.

உங்கள் ஒப்பந்தக்காரர் 850-க்கு 1,200 என்று சொல்லியிருந்தால் 10,20,000. என் கணக்கைவிட 14 சதவீதம் அதிகம். அவருடைய மேற்பார்வைக்கும் லாபத்துக்கும் அது நியாயமான அளவுதான், அலமாரியும் அதில் அடங்கியிருந்தால். 620-க்கு 1,200 என்றால் 7,44,000. அது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. எதை விட்டிருக்கிறார் என்று வரிக்கு வரி கேட்பேன்.

சுவரைப் பற்றி: பூச்சு வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். பொரிந்த இடத்தைச் சுரண்டித் துடைத்து, இரண்டடிச் சதுர பாலிதீன் தாள் ஒன்றை நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பிறகு தாளின் எந்தப் பக்கம் நீர்த்துளி நிற்கிறது என்று பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் துளி நின்றால், அறைக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. சன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுப்பதும் பூஞ்சை தாங்கும் பெயிண்டும் பெருமளவு உதவும். சுவரைப் பார்த்த பக்கம் துளி நின்றால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது இன்னும் உறுதி. அந்தச் சுவரில் உள்பக்கம் எந்தப் பூச்சு அடித்தாலும் ஒன்று உப்பி உரியும், அல்லது ஈரம் பூச்சு முடியும் இடத்தில் போய் வெளிப்படும். வெளிப்பக்கத்தில் சன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள இடுக்கையும் திண்ணையின் சரிவையும் சரிசெய்து வெளிச்சுவருக்குப் பூச வேண்டும். சாரம் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் அதன் விலையை நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன்.

---

வளைவுப்பாதை எழுதியது:

பாலிதீன் சோதனையைக் கொடைக்கானலிலும் செய்து பார்த்தேன். இரண்டு பக்கமும் துளி நிற்கிறது! அப்படியானால் என்ன செய்வது?

---

மட்டப்பலகை எழுதியது:

இரண்டு காரணமும் சேர்ந்து இருக்கிறது என்றே கொள்ள வேண்டும், ஐயா. உங்களுடையது தனி வீடு என்பதால் அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தரையிலிருந்து எவ்வளவு உயரத்துக்குக் கறை நிற்கிறது என்று படம் எடுத்துத் தனி இழையில் போடுங்கள். இங்கே கலந்தால் இவர் கேள்வி காணாமல் போய்விடும்.

---

சங்கச்_செயலர் எழுதியது:

வெலிங்டன் அருகே ஓர் அடுக்ககச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். இரண்டு விஷயங்களை விட்டுவிட்டீர்கள்.

வெளிச்சுவர் பொதுச் சொத்து. தனி ஒருவர் சாரம் கட்டித் தன் சன்னலைச் சுற்றி மட்டும் பூசச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். எங்கள் கட்டடத்தில் அந்தச் செலவைப் பொது நிதியிலிருந்து கொடுத்தோம். எல்லாச் சங்கங்களும் அப்படிச் செய்வதில்லை.

அடுத்து, குளியலறை மேற்கூரைக் கறை. அது மேல்வீட்டுக் குளியலறைத் தளத்தின் கசிவு. அதைக் கீழிருந்து சரிசெய்ய முடியாது. மேல்வீட்டார் தங்கள் தளத்தை உடைத்துச் சரிசெய்யும்வரை உங்கள் புதுக் குளியலறையின் மேற்கூரை நனைந்துகொண்டே இருக்கும். அதற்கான செலவு யாருடையது என்பதில் எங்கள் சங்கத்திலேயே இரண்டு கட்சி உண்டு. கசிய விடுபவரே தர வேண்டும் என்பது என் கருத்து. கட்டியவரின் குறைக்குப் பிறகு வாங்கியவர் எப்படிப் பொறுப்பாவார் என்று எதிர்க்கட்சி கேட்கிறது.

---

லவ்டேல்_வீடு எழுதியது:

மேலே இருந்து செய்யாவிட்டாலும், கீழிருந்து ஊசி போட்டு ரசாயனம் செலுத்தி அடைக்கிறார்களே. என் உறவினர் வீட்டில் செய்து கசிவு நின்றுவிட்டது.

---

மட்டப்பலகை எழுதியது:

ஒரு குறிப்பிட்ட விரிசல் வழியாகச் சொட்டும் கசிவென்றால் அந்த ஊசி வேலை பலன் தருவதுண்டு. மேலே உள்ள பள்ளம் முழுக்கத் தண்ணீர் தேங்கிச் சல்லி ஊறிக் கிடந்தால், ஓரிடத்தை அடைத்ததும் தண்ணீர் இன்னோர் இடத்தைத் தேடும். இதற்கிடையே கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். கறையின் நடுவில் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வந்தாலோ, காரை பெயர்ந்து கம்பி தெரிந்தாலோ, அது பெயிண்ட் விஷயம் அல்ல. மேல்வீட்டார் தங்கள் குளியலறையை ஒரு வாரம் பயன்படுத்தாமல் இருக்க ஒப்புக்கொண்டால், கறை காய்கிறதா என்று பார்ப்பதே செலவில்லாத சோதனை. காயவில்லை என்றால், தண்ணீர் வரும் நேர்க்குழாயிலும் கசிவு இருக்கலாம்.

---

சுபா_கோத்தகிரி எழுதியது:

வேலையை எந்த மாதத்தில் தொடங்குவது என்று யாரும் சொல்லவில்லையே. செலவு அதனாலும் மாறும் அல்லவா?

---

மட்டப்பலகை எழுதியது:

நிச்சயமாக மாறும், அம்மா. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை பட்டியும் பூச்சும் காய்வதே இல்லை. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே ஆட்கள் சும்மா இருப்பார்கள். தினக்கூலிக்கு ஆள் வைத்திருந்தால் அந்தச் சும்மா இருக்கும் நாட்களுக்கும் சேர்த்தே நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும்; சதுர அடிக் கூலி என்றால் அந்த நட்டம் அவர்களுடையது, ஆனால் காயாத சுவரில் அவசரமாகப் பெயிண்ட் அடிக்கும் ஆபத்து உங்களுடையது. மலைப்பாதையில் மண் சரிந்தால் சரக்கும் நின்றுபோகும். ஏப்ரல், மே மாதச் சீசனில் பெரிய வண்டிகளுக்குப் பகலில் கட்டுப்பாடு இருக்கும் என்பதால், கனமான சரக்கை மார்ச்சுக்குள் ஏற்றிவிடுவது நல்லது. சனவரியில் உடைப்பைத் தொடங்கினால் சுவர் திறந்து கிடந்து காய்வதற்கு நல்ல அவகாசம் கிடைக்கும்.

---

திருப்பூர்_கிழக்கு எழுதியது:

ஒப்பந்தக்காரரிடம் பேசிவிட்டோம். அவர் சொன்ன 1,200 பத்திரப் பரப்பான 850-க்குத்தான். சமையலறை அலமாரி அதில் உண்டு; படுக்கையறை அலமாரிகள் இல்லை. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி என்று இப்போதுதான் சொல்கிறார். குளியலறைப் பள்ள நிரப்பை அள்ளுவதைப் பற்றிக் கேட்டதற்கு, "தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

பாலிதீன் தாளில் சுவரைப் பார்த்த பக்கம்தான் துளி நிற்கிறது. சங்கத்துக்கு எழுதியிருக்கிறோம். மேல்வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். மே மாதத்தில் மட்டும் வருவாராம். அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அவருக்காகக் காத்திருப்பதா, வேலையைத் தொடங்குவதா?

---

மட்டப்பலகை எழுதியது:

அப்படியானால் கணக்கை மறுபடி போட வேண்டும். என் 8,94,000-இலிருந்து படுக்கையறை அலமாரிகளையும் அவற்றுக்கான பத்து சதவீதத்தையும் கழித்தால் 7,57,000 ரூபாய்தான் ஒப்பிட வேண்டிய தொகை. அவருடைய 10,20,000 வரியில்லாமலேயே அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். வரியோடு 12 லட்சத்தைத் தாண்டும். இந்த விலைக்குப் பள்ள நிரப்பை அள்ளுவது "தேவைப்பட்டால்" என்பது பொருந்தாது. அறைவாரியாக, வேலை தனியாகவும் பொருள் தனியாகவும் எழுதித் தரச் சொல்லி, இன்னும் ஒருவரிடமாவது அதே பட்டியலுக்கு விலை கேளுங்கள். டைல்ஸையும் பொருத்துபொருட்களையும் நீங்களே வாங்கிக் கொடுப்பதாகச் சொன்னால் பேச்சு சுலபமாகும்.

மேல்வீட்டாருக்காக முழு வேலையையும் நிறுத்த வேண்டாம். சிறிய குளியலறை, சமையலறை, மின்வேலை ஆகியவற்றை முதலில் முடியுங்கள். பெரிய குளியலறையை உடைத்துக் குழாய்வரை போட்டுவிட்டு, மேற்கூரையைத் திறந்தபடியே விடுங்கள். மே மாதம் அவர் வரும்போது அந்த ஈரத்தை நேரில் காட்டலாம். வடக்குப் படுக்கையறையில் பொரிந்த காரையை மட்டும் இப்போதே செங்கல்வரை கொத்தி எடுத்துவிடுங்கள். வெளிப்பக்கம் சரியாகும்வரை அந்தச் சுவருக்குப் பட்டியும் பெயிண்டும் வேண்டாம்.

---

சங்கச்_செயலர் எழுதியது:

மேல்வீட்டாருக்குப் பதிவுத் தபாலில், படத்தோடு, சங்கத்தின் பிரதியோடு அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதை எங்கள் கட்டடத்தில் ஒருவரும் பிறகு ஒப்புக்கொண்டதில்லை.